மேடை ஏறும் பூனை

பூனை வளர்க்கும் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது “ச்சூ, இறங்கு!” என்ற அதட்டல் கேட்கும். பூனையும் இறங்கிவிடும். ஆள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி சமையல் மேடையில் நிற்கும். திருட்டுப் புத்தி என்று அதைத் திட்டுகிறோம். ஆனால் பூனையின் கணக்கு வேறு. உயரமான இடத்தில் இருந்து வீட்டைப் பார்ப்பது அதன் இயல்பு. அடுப்பு எரிந்த பிறகு பக்கத்துக் கல் வெதுவெதுப்பாக இருக்கும். சிங்க் குழாயில் தண்ணீர் சொட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்றைக்கோ ஒருநாள் அங்கே ஒரு மீன் துண்டு கிடைத்திருக்கும். அந்த ஒரு துண்டு போதும், ஒரு மாதத்துக்கு விடாமல் ஏறிப் பார்க்கும். தினமும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதுதான் எந்தப் பிராணியையும் அதிகமாக இழுக்கிறது.

மேடையில் ஏறினால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களும் உண்டு. நம் பூனை சுத்தமானது, நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். முடியை நக்கிச் சுத்தம் செய்கிறது என்பது சரி. ஆனால் அதே பாதங்களால்தான் மணல் தட்டைக் கிளறி மலத்தை மூடுகிறது. விரல் இடுக்கில் ஒட்டிய துகள்களோடு, காய் நறுக்கும் பலகைமேல் நடந்து போகிறது.

அந்தத் துகள்களில் வரக்கூடியவற்றில் முக்கியமானது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனைக்கு இது தொற்றலாம். முதல் முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம்வரை அதன் மலத்தில் ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உறைகள் வெளியேறும். வெளியே வந்த உடனே அவற்றுக்குத் தொற்றும் வலிமை கிடையாது; ஒன்று முதல் ஐந்து நாள் ஆக வேண்டும். மணல் தட்டைத் தினமும் அள்ளச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை அள்ளுகிற வீட்டில் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடுகிறது. மனிதர்களுக்கு இது பூனையிடம் இருந்து மட்டும் வருவதில்லை. சரியாக வேகாத இறைச்சியும் மண் போகக் கழுவாத கீரை, காய்களும்கூடக் காரணம். ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாமலே வந்து போய்விடும். கர்ப்பிணிக்கு முதல் முறையாகத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். அதனால் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மணல் தட்டை வேறு யாராவது அள்ள வேண்டும். பூனையைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு வருவது பாவம். அதற்குத் தேவையும் இல்லை.

சரி, பூனையை எப்படி நிறுத்துவது? இரண்டாவது மாடியில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சமையலறைக்குக் கதவு கிடையாது, ஹாலோடு சேர்ந்தே இருக்கிறது. பூனைக்கு இரண்டு வயது. அதட்டியாயிற்று, தண்ணீர் பீய்ச்சியும் ஆயிற்று. பலன் என்னவென்றால், வீட்டுக்காரம்மா இருக்கும்போது ஏறுவதில்லை, மற்ற நேரமெல்லாம் ஏறுகிறது. ஆள் இருந்தால் அடி விழும் என்பதைத்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது. மேடை கூடாது என்பதை அல்ல.

அந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, ஒரு வாரம் பூனை எப்போது ஏறுகிறது என்று கவனிப்பது. காலையில் எழுந்ததும் மேடையைச் சாய்வாக விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கால்தடம் தெரியும், முடி ஒட்டியிருக்கும். கவனித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு நேரங்கள் பிடிபடும். ஒன்று, மீன் ஆய்கிற நேரம். இன்னொன்று, எல்லோரும் தூங்கிய பிறகு. இரவில் மூடாத குழம்புச் சட்டியோ, கரண்டியோ, பால் ஒட்டிய பாத்திரமோ மேடையில் இருக்கும். இல்லையென்றால் குழாய் சொட்டும்.

பழைய வீடுகளில் யாரும் பூனையைத் திருத்த உட்காரவில்லை. பாலையும் தயிரையும் வெண்ணெயையும் உறியில் தொங்கவிட்டார்கள். இன்றைக்கும் வழி அதுதான்: மேடையில் ஒன்றும் கிடைக்கக் கூடாது. படுக்கப் போகும் முன் மிச்சம் எல்லாம் ஃபிரிட்ஜுக்கு அல்லது இறுக மூடும் டப்பாவுக்குப் போக வேண்டும். மேலே தட்டைக் கவிழ்த்து வைப்பதைப் பூனை இரண்டே நாளில் தள்ளக் கற்றுக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் மேடையைத் துடைக்க வேண்டும். குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். தண்ணீருக்காகத்தான் ஏறுகிறது என்றால், அகலமான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டுத் தட்டில் இருந்து தள்ளி வேறொரு மூலையில் வைத்தால் பல பூனைகள் குழாயை விட்டுவிடும்.

அடுத்தது, ஏற வேறு இடம். சமையலறை தெரிகிற மாதிரி ஹாலில் ஓர் அலமாரி உச்சியோ ஜன்னல் ஓரப் பலகையோ, மேடையைவிட உயரமாக, வழுக்காத பழைய துண்டு விரித்துத் தர வேண்டும். மீன் ஆய உட்காரும் முன் பூனைக்குச் சாப்பாடு போட்டுவிட வேண்டும். பிறகு அது அந்தப் பலகையில் இருக்கும்போதெல்லாம் அங்கேயே ஒரு துண்டு கொடுக்க வேண்டும். மேடையில் இருந்து இறக்கிவிட்டுக் கையோடு தின்னக் கொடுத்தால், மேடை ஏறினால் தின்ன வரும் என்றுதான் அதற்குப் புரியும்.

மேடை விளிம்பில் அலுமினியத் தாளோ, இருபுறமும் ஒட்டும் டேப்போ சில வாரம் ஒட்டி வைக்கலாம். பாதத்தில் ஒட்டுவதும் சரசரப்பதும் பூனைக்குப் பிடிக்காது. நாம் இல்லாத நேரத்திலும் அது வேலை செய்யும். மிளகாய்த்தூள் தூவுவது கொடுமை. கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், ஆரஞ்சு எண்ணெய் போன்றவற்றைத் தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூனை பாதத்தை நக்கும். அவை அதன் உடம்புக்கு விஷம்.

தொடங்கிய முதல் சில நாளில் பூனை முன்பைவிட அதிகமாக ஏறும், கத்தும், டப்பாவைத் தட்டும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது எல்லாப் பிராணிகளும் இப்படித்தான் முட்டிப் பார்க்கும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் “இது திருந்தாது” என்று விட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு கருவாட்டுத் துண்டு மேடையில் மாட்டிவிட்டால், செய்ததெல்லாம் போயிற்று. காலையில் பார்க்கும்போது கால்தடம் குறைந்துகொண்டே வந்தால் வழி சரி என்று அர்த்தம். ஒரு மாதத்துக்குப் பிறகும் குறையவில்லை என்றால் எங்கோ சாப்பாடு கிடைக்கிறது. சிங்கின் வடிகட்டியையும் குப்பைக் கூடையையும் பார்க்க வேண்டும்.

அடுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தாவும்போது காஸ் அடுப்பின் திருகு பூனையின் உடம்பு பட்டுத் திரும்பக்கூடும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். இரவில் சிலிண்டரின் ரெகுலேட்டரை அணைத்துவிட்டுப் படுப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் பிளக் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பூனை ஏறிய மேடையைச் சுத்தம் செய்வதிலும் தவறு நடக்கிறது. பினாயில் விட்டுத் துடைத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. துடைத்த ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினாலே நோய்வாய்ப்படலாம். மேடைக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும். தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். கிருமிநாசினி வேண்டும் என்றால், வாசனையில்லாத ப்ளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு தடவி, இரண்டு நிமிடம் விட்டுத் துடைக்கலாம். அழுக்கின் மேல் ப்ளீச் வேலை செய்யாது. டாக்ஸோபிளாஸ்மா உறைகளை ப்ளீச் கொல்வதில்லை. தேய்த்துக் கழுவி அகற்றுவதும் கொதிநீரும்தான் வழி. பூனை சிறுநீர் கழித்த இடத்தில் மட்டும் ப்ளீச்சை நேரடியாக ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

நாய் பெரும்பாலும் மேடை ஏறுவதில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அங்கே கவனிக்க வேண்டியது அதன் சாப்பாட்டுத் தட்டு. 2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் நாய், பூனைகளுக்கான உலர் தீவனம் வழியாக சால்மோனெல்லா கிருமி பரவி 79 பேருக்கு நோய் வந்தது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் இரண்டு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள். காரணத்தை ஆராய்ந்தபோது, நோய் வந்த குழந்தைகளின் வீடுகளில் பிராணிக்குச் சமையலறையிலேயே சாப்பாடு வைக்கும் வழக்கம் அதிகம் இருந்தது தெரியவந்தது. தீவனத்தில் கை வைத்துவிட்டு அதே கையால் பால் புட்டியைக் கலக்குவதும், நாயின் தட்டைப் பாத்திரம் தேய்க்கும் சிங்கிலேயே கழுவுவதும் எந்த வீட்டிலும் இயல்பாக நடக்கும். ஆகவே தட்டைப் பால்கனிக்கோ சர்வீஸ் ஏரியாவுக்கோ மாற்றுங்கள், தட்டுக்கென்று தனி நார் வையுங்கள். தீவன மூட்டைக்கு அரிசி டிரம் பக்கத்தில் இடம் வேண்டாம். கோழிக்கடையில் வாங்கும் கழுத்து, கால் கழிவை வேகவைக்கத் தனிச் சட்டி இருக்கட்டும்.

பறவையின் விஷயம் தலைகீழ். அங்கே சமையலறையால் பறவைக்குத்தான் முதல் ஆபத்து. லவ் பேர்ட்ஸ் கூண்டைக் காற்றோட்டமாக இருக்கிறதென்று சமையலறை ஜன்னலோரம் மாட்டுவார்கள். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதால், மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அது காற்றில் இருப்பதை உறிஞ்சுகிறது. நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மாவு எடுக்கப் போய் மறந்துவிட்டால், காலிக் கல் பெரிய தீயில் சில நிமிடத்திலேயே 260 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அப்போது பூச்சு சிதைந்து வெளிவரும் வாயு நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பறவை வாயைத் திறந்து இளைக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும், பிறகு கிளையில் இருந்து விழும். அந்த நிலைக்கு வந்தபின் காப்பாற்றுவது மிகக் கடினம். உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

கூண்டு வேறு அறைக்குப் போவது நமக்கும் நல்லது. காய்ந்த எச்சமும் இறகுத் தூளும் சிறகடிப்பில் கிளம்பிச் சாப்பாட்டில் படியும். கிளி வகைப் பறவைகளின் எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் நிமோனியா போன்ற காய்ச்சலும் வரலாம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்த எச்சத்தைப் பெருக்காமல் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். அப்படியே அதன் தினைப் பொட்டலத்தையும் மளிகை அலமாரியில் இருந்து எடுத்துத் தனியாக மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். தினையில் வரும் வண்டும் அந்துப்பூச்சியும் பக்கத்து அரிசிக்கும் ரவைக்கும் தாவ வெகுநாள் ஆவதில்லை.