ஆறாம் நிலையில் நின்றுபோன விளையாட்டு

எங்கள் பள்ளிக் கணினி மன்றத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஸ்க்ராட்ச் மென்பொருளில் ஒரு வாய்ப்பாட்டு விளையாட்டை உருவாக்கினர். சரியான விடைக்கு அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். போதிய புள்ளிகள் சேர்ந்தால் அடுத்த நிலைக்குச் செல்லலாம். முதல் நாள் எல்லோரும் ஆர்வமாக விளையாடினர். மறுவாரம் ஒரு மாணவி வந்து, "சார், ஆறாவது லெவலுக்கு மேல யாருமே போக மாட்டேங்கிறாங்க, ரொம்ப இழுவையா இருக்காம்" என்றார்.

கணக்குகள் கடினமாகிவிட்டனவா என்று பார்த்தோம். இல்லை. சிக்கல் புள்ளிகளுக்கான சூத்திரத்தில் இருந்தது. ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிடக் கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காக, தேவையான புள்ளிகளை நிலைதோறும் இரட்டிப்பாக்கியிருந்தனர்: 100, 200, 400, 800 என்று. ஒரு விடைக்கான புள்ளிகளோ 10, 15, 20, 25 என்று ஐந்து ஐந்தாகத்தான் கூடின. முன்னது பெருக்குத் தொடர். பின்னது கூட்டுத் தொடர். பெருக்குத் தொடர் எப்படியும் முந்திச் சென்றுவிடும்.

இதைச் சூத்திரத்தைப் பார்த்து உணர்வது கடினம். புள்ளிகளின் எண்ணிக்கையும் உதவாது. 3,200 புள்ளி என்பது அதிகமா குறைவா என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அட்டவணையில் இன்னொரு நிரலைச் சேர்க்கச் சொன்னேன்: தேவையான புள்ளிகளை ஒரு விடைக்கான புள்ளிகளால் வகுத்தால், அந்த நிலையைக் கடக்க எத்தனை விடைகள் வேண்டும் என்பது கிடைக்கும்.

| நிலை | தேவையான புள்ளி | ஒரு விடைக்கு | விடைகள் |
|---|---|---|---|
| 1 | 100 | 10 | 10 |
| 3 | 400 | 20 | 20 |
| 6 | 3,200 | 35 | 92 |
| 9 | 25,600 | 50 | 512 |

ஒரு விடைக்குப் பத்து விநாடி என்று கொண்டால், முதல் நிலைக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆறாம் நிலைக்குக் கால் மணி நேரம். பிள்ளைகள் எங்கே நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பது கடைசி நிரலில் தெரிந்தது.

ஒரு மாணவர், தேவையையும் ஐம்பது ஐம்பதாகக் கூட்டலாம் என்றார்: 100, 150, 200. அதையும் அட்டவணையில் இட்டோம். எல்லா நிலைக்கும் சரியாகப் பத்து விடைகளே வந்தன. இழுவை போய்விட்டது, ஆனால் நிலை உயர்வதற்குப் பொருளும் போய்விட்டது.

பிறகு வேலையைத் தலைகீழாகச் செய்தோம். சூத்திரத்தை ஊகிக்காமல், விடைகளின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்தோம். முதல் நிலைக்குப் பத்து, பின்பு நிலைக்கு இரண்டு கூடட்டும் என்றனர். அதாவது n ஆம் நிலைக்கு 2n + 8 விடைகள். ஒரு விடைக்கான புள்ளி 5n + 5. இரண்டையும் பெருக்கினால் தேவையான புள்ளி கிடைக்கிறது:

```
(2n + 8)(5n + 5) = 10n² + 50n + 40
```

ஈருறுப்புக் கோவைகளின் பெருக்கல் இங்கே தானாகவே தேவைப்பட்டது. விரிதாளில் A2 கட்டத்தில் நிலையை எழுதி, அடுத்த மூன்று கட்டங்களில் இவற்றை இட்டுக் கீழே இழுத்தனர்:

```
=10*A2^2+50*A2+40
=5*A2+5
=ROUNDUP(B2/C2,0)
```

ஆறாம் நிலைக்கு 700 புள்ளி, 20 விடைகள். ஒன்பதாம் நிலைக்கு 1,300 புள்ளி, 26 விடைகள். பத்தாம் நிலையை அடைய மொத்தம் 162 விடைகள், ஏறத்தாழ 27 நிமிடங்கள். பழைய சூத்திரத்தில் இதே தொலைவுக்கு 1,179 விடைகள், மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, சூத்திரம் தருவது ஒரு நிலைக்கான தேவையா, தொடக்கத்திலிருந்து மொத்தத் தேவையா என்பது. போக்கிமான் விளையாட்டில் பல உயிரினங்களுக்கு n³ என்பது மொத்தப் புள்ளி. பத்தாம் நிலைக்கு 1,000, பதினொன்றுக்கு 1,331. எனவே இடையில் வேண்டியது 331 மட்டுமே. எங்கள் சூத்திரம் ஒரு நிலைக்கானது. ஆகவே நிலை உயரும்போது தேவையான புள்ளிகளை மட்டும் கழிக்க வேண்டும். பூச்சியமாக்கினால் மிஞ்சிய புள்ளிகள் வீணாகும்.

மற்றொன்று, அட்டவணை எல்லா விடைகளும் சரி என்று கொள்கிறது. பத்துக்கு ஏழு சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு ஒன்பதாம் நிலையின் 26 விடைகள் 38 கேள்விகளாகும். விளையாட்டு இழுவையாகத் தோன்றுவது முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான். எனவே 0.7 ஆல் வகுத்த ஐந்தாவது நிரலையும் சேர்த்து, அதைப் பார்த்தே எண்களை முடிவு செய்தோம்.