ரெஸ்யூமேயில் எந்த வரியை நம்புவது?

சென்னையில் காலை 10 மணி என்றால், குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் முந்தைய நாள் இரவு எட்டரை. இங்கிருப்பவர் அந்த நேரத்தில் ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்புகிறார். அங்குள்ள சக ஊழியர் தன் காலை 9 மணிக்கு அதைத் திறக்கும்போது இங்கே இரவு பத்தரை ஆகிவிடும். கேள்வி அரைகுறையாக இருந்தால், ‘எந்த வாடிக்கையாளர்? திரையில் என்ன செய்தி வந்தது?’ என்று எதிர்க்கேள்விதான் வரும். ஒரு முழு நாள் வீண்.

தொலைவிலிருந்து செய்யும் வேலைக்கு இரண்டு குணங்கள் கட்டாயம். பதில் வரும்வரை காத்திராமல் அடுத்த வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். மறுமுறை விளக்கம் கேட்க வேண்டாதபடி எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். ஆள் எடுப்பவர் ரெஸ்யூமேயில் முதலில் தேட வேண்டியது இவற்றின் தடயங்களைத்தான்.

‘சுயமாக இயங்குபவர்’, ‘சிறந்த தகவல் தொடர்புத் திறன் கொண்டவர்’ என்ற வரிகள் அந்தத் தடயங்கள் ஆகா. அவை விண்ணப்பதாரர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ்கள். ‘2020 முதல் 2022 வரை வீட்டிலிருந்து பணி’ என்ற வரியையும் நிதானமாகத்தான் படிக்க வேண்டும். கொரோனா காலத்தில் பல நிறுவனங்கள் அலுவலகத்தை அப்படியே வீடியோ அழைப்புக்கு மாற்றின. காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், இடையில் மேலாளரின் தொலைபேசி என்று நாள் ஓடியது. அப்படி வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தார் என்பது உண்மை. தன் நாளைத் தானே வகுத்தாரா என்பது அந்த வரியிலிருந்து தெரியாது.

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு வந்த விண்ணப்பம் ஒன்றைக் கற்பனை செய்வோம். அதில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘ஒரே பில் பிழை பற்றி மாதம் 40 புகார்கள் வந்தன. காரணத்தைக் கண்டறிந்து தீர்வுக் குறிப்பு எழுதினேன். மூன்று நாடுகளிலிருந்த சகாக்களின் திருத்தங்களைச் சேர்த்து வெளியிட்டேன். இரண்டு மாதத்தில் புகார்கள் 9 ஆகின.’ தனித்தனியாக வந்த புகார்கள் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பதை இவர் கவனித்திருக்கிறார். எழுதியதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பிறர் திருத்தக் கொடுத்திருக்கிறார். வெளியிட்ட பிறகும் இரண்டு மாதம் எண்ணிக்கையைப் பார்த்து வந்திருக்கிறார். கடைசி விஷயம்தான் மிக அரிது. யாரும் கேட்காமலே வேலையின் விளைவைத் தேடிப் போகிறவரைத் தினமும் விரட்ட வேண்டியிருக்காது.

ஆனால் அந்த வரியும் சோதிக்கப்பட வேண்டியதே. பிழையை யார் முதலில் கவனித்தார், சகாக்கள் என்ன திருத்தம் சொன்னார்கள், எதை இவர் ஏற்கவில்லை என்று மின்னஞ்சலில் கேட்டால் போதும். உண்மையில் செய்தவரிடமிருந்து விவரங்கள் வரும். மற்றவரிடமிருந்து அதே வரி வேறு சொற்களில் திரும்பி வரும்.

நிரலாளர்கள் விஷயத்தில் சோதிப்பது இன்னும் எளிது. திறந்த மூல மென்பொருள்களுக்குப் பங்களித்தவர் என்றால் அவருடைய எழுத்து பொதுவெளியிலேயே கிடக்கும். லினக்ஸ் கெர்னலுக்கு மாற்றம் அனுப்புவோருக்கான வழிகாட்டி, எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்பதை முதலில் விவரிக்கச் சொல்கிறது. விண்ணப்பதாரரின் குறிப்புகள் அப்படி இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அதைவிட முக்கியம், பிறர் குறை சொன்னபோது அவர் எழுதிய பதில். குறையைப் புரிந்துகொண்டாரா, மறுத்தால் காரணம் சொன்னாரா, பாதியில் மௌனமாகிவிட்டாரா? அந்த உரையாடலில் பத்து நிமிடம் செலவிடுவது, மின்னும் வடிவமைப்புள்ள இரண்டு பக்க ரெஸ்யூமேயை ஒரு மணி நேரம் படிப்பதைவிட மேல்.

இலக்கணப் பிழையைத் தெளிவின்மையாக எடுத்துக்கொள்வது இங்கே அடிக்கடி நடக்கும் அநியாயம். ஆங்கிலத்தில் வினைச்சொல் தடுமாறினாலும், என்ன நடந்தது, என்ன செய்து பார்த்தேன், இப்போது என்ன வேண்டும் என்று வரிசையாக எழுதுபவர் நல்ல சக ஊழியர். பிழையே இல்லாத நீண்ட பத்தியில் கேள்வியைத் தொலைப்பவர் அப்படியல்ல.

ரெஸ்யூமேக்கு ஓர் எல்லையும் உண்டு. வேர்ட்பிரஸ்.காம் தளத்தை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் பரவலாகத் தொலைவேலையில் இயங்குவது. ரெஸ்யூமேயிலும் நேர்காணலிலும் சிறந்து விளங்கிய சிலர் வேலையில் சோபிக்காததைக் கண்ட பிறகு, சம்பளத்துடன் கூடிய சோதனைப் பணியைக் கொடுத்துப் பார்க்கும் முறைக்கு மாறியதாக அதன் நிறுவனர் மாட் முல்லன்வெக் 2014-இல் எழுதினார். சிறு நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியாகாமல் போகலாம்.

அதற்காக, காட்டுவதற்கு இணைப்பு எதுவும் இல்லாதவரை ஒதுக்கிவிடக் கூடாது. வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்தவர் எழுதிய குறிப்புகள் ரகசியம். வெளியே காட்ட முடியாது. ஆள் எடுப்பவர்கள் அவர்களிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள்: சென்ற வேலையில் எங்கே சிக்கிக்கொண்டார், கேட்க ஆள் இல்லாதபோது என்ன செய்தார், யாருக்கு என்ன எழுதினார். அதைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.