பின்னணியில் அழிந்த ஒரு பாதம்

2010-ஆம் ஆண்டு வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில், விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு பெற்ற ஒரு படத்தொடர் சில வாரங்களிலேயே பரிசை இழந்தது. கீவ் நகரத்துத் தெருச் சண்டைகளைப் பற்றி ஸ்டெபான் ருடிக் எடுத்த தொடர் அது. அதில் ஒரு படம், ஒரு கைக்குத் துணிக்கட்டுப் போடும் காட்சி. அந்தக் கைக்குப் பின்னால் வேறொருவரின் பாதம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ருடிக் அதை மட்டும் அழித்திருந்தார்.

அந்தப் படத்தில் அவர் செய்த மற்ற மாற்றங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. அகலமாக எடுத்த வண்ணப்படத்தின் பெரும்பகுதியை வெட்டி எறிந்து, கையை மட்டும் பெரிதாக்கியிருந்தார். கறுப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார். ஓரங்களை இருட்டாக்கி, பழைய ஃபிலிம் போல மணல் மணலான தோற்றம் கொடுத்திருந்தார். இவற்றுக்காகப் பரிசு பறிபோகவில்லை. கேமராவில் பதிவான மூலக்கோப்பான ரா ஃபைலை அமைப்பாளர்கள் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அதில் இருந்த பாதம் பரிசுப் படத்தில் இல்லை. தகுதி நீக்கத்துக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

பலருக்கு இது அநியாயமாகத் தோன்றும். இவ்வளவு மாற்றியது பரவாயில்லை, ஒரு பாதத்தை அழித்தது குற்றமா? ஆனால் இதற்குள் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. படத்தை வெட்டினால் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்பது தெரியாமல் போகும். சட்டத்துக்கு வெளியேயும் உலகம் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, அந்தத் தெருவில் வண்ணமே இல்லை என்று யாரும் நம்ப மாட்டார்கள். பாதத்தை அழித்த இடத்தில் மட்டும், அங்கே எதுவும் இல்லை என்று படம் சொல்கிறது. அதைப் பார்ப்பவர் நம்புகிறார். எவ்வளவு மாற்றினோம் என்பதை வைத்து இதை அளக்க முடியாது. மாற்றியதால் பார்ப்பவர் நடக்காத எதையாவது நம்புகிறாரா என்பதுதான் அளவுகோல். செய்திப்படம், பொருள் விமர்சனம், போட்டி மூன்றுக்கும் இது பொருந்தும். மூன்றிலும் பார்ப்பவர் எதை நம்பி வருகிறார் என்பது மட்டும் வேறு.

செய்திப்படத்தைப் பார்ப்பவர், அந்த நேரத்தில் அந்த இடத்தில் கேமரா முன் இருந்தது இதுதான் என்று நம்புகிறார். அதனால் இங்கே விதி மிகக் கடுமையானது. 2013-இல் சிரியாவில் ஒரு போராளியைப் படமெடுத்த நார்சிசோ கான்ட்ரேராஸ், படத்தின் மூலையில் தரையில் கிடந்த சக பத்திரிகையாளரின் வீடியோ கேமராவை அழித்துவிட்டு, அந்த இடத்தை மண்ணும் கல்லுமாக நிரப்பினார். பார்ப்பவர் கவனம் சிதறும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதே ஆண்டுதான் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அவர். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அவர் எடுத்த ஏறத்தாழ 500 படங்களைச் சோதித்தது. வேறு எதிலும் மாற்றம் இல்லை. இருந்தும் 2014 ஜனவரியில் அவரோடு உறவை முறித்துக்கொண்டது.

அந்த கேமரா ஒரு மூலையில் கிடந்த பொருள்தான். ஆனால் அதற்குச் செய்தியில் ஒரு பங்கு உண்டு. அது இருந்தால், அந்த இடத்தில் இன்னொரு பத்திரிகையாளரும் இருந்தார் என்பது தெரியும். அது இல்லாவிட்டால், போராளி தனியாகப் போர்க்களத்தில் நிற்பது போல் தோன்றும். பின்னணியில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எடுத்தவரே முடிவுசெய்து அழிக்கத் தொடங்கினால், அடுத்த படத்தில் என்ன அழிந்தது என்று வாசகருக்குத் தெரியவே தெரியாது. அழிப்பது மட்டுமல்ல, பின்னணியைக் கணினியில் மங்கலாக்குவதும் மறையும் அளவுக்கு இருட்டாக்குவதும்கூட அதே நிறுவனத்தின் விதிப்படி தவறுதான்.

இப்படிப்பட்ட திருத்தங்கள் எப்படிப் பிடிபட்டன? 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஈராக் போர்ப்படம் ஒன்று வந்தது. பஸ்ரா அருகே ஒரு பிரிட்டிஷ் வீரர், மக்களைப் பதுங்கச் சொல்லிக் கைகாட்டுகிறார். அதே படத்தை வெளியிட்ட இன்னொரு நாளிதழின் ஊழியர் உற்றுப் பார்த்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சிலர் இரண்டு முறை இருப்பதைக் கண்டார். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தார் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி. வேலை போனது. 2006-இல் பெய்ரூட் நகரத்துக்கு மேல் எழுந்த புகையை அதிகமாக்கிக் காட்டிய ராய்ட்டர்ஸ் படமும் இப்படித்தான் மாட்டியது. ஒரே வடிவப் புகைச்சுருள் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

பின்னணி ஒட்டப்பட்டதா என்று சந்தேகம் வந்தால் நாமும் இவற்றைப் பார்க்கலாம். ஒரே உருவம் இரண்டு இடத்தில் வருகிறதா? தலைமுடியின் ஓரம் கத்தரித்தது போல் இருக்கிறதா? ஆளின் நிழல் ஒரு பக்கமும் மரத்தின் நிழல் இன்னொரு பக்கமும் விழுகிறதா? ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இன்றைய செல்போனில் விரலால் வட்டமிட்டாலே ஒரு பொருள் மறைந்து, அந்த இடம் நேர்த்தியாக நிரம்பிவிடுகிறது. அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடக்காது. மூலக்கோப்போடு ஒப்பிடுவதுதான் உறுதியான சோதனை. அதனால்தான், மாற்றியவர் தாமே முன்வந்து சொல்வது இவ்வளவு தேவையாகிறது.

பொருள் விமர்சனத்துக்கு வருவோம். இங்கே படத்தைப் பார்ப்பவர், இது என் வீட்டுக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறார். இணையத்தில் ஒரு தரைவிரிப்பு வாங்கியவர், தன் வீட்டில் அதைப் படமெடுத்து விமர்சனம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விரிப்பின் அளவு 3 அடிக்கு 5 அடி. பின்னால் துணி காயும் கொடி தெரிகிறது. அது பிடிக்காமல், விரிப்பை மட்டும் வெட்டி எடுத்து, பளிங்குத் தரை போட்ட ஒரு கூடத்தின் படத்தில் ஒட்டுகிறார். விரிப்பை அவர் தொடவே இல்லை. ஆனால் மூன்று தகவல்கள் போய்விட்டன. அளவைக் காட்டிக்கொண்டிருந்த கதவும் நாற்காலியும் இல்லை. புதிய கூடத்தில் அது 6 அடிக்கு 9 அடி போலத் தெரிகிறது. நிறத்தை ஒப்பிட உதவிய வெள்ளைச் சுவர் இல்லை. குழல் விளக்கில் எடுத்த சிவப்பு, மாலை வெயிலில் எடுத்த சிவப்பு போல ஆகிவிடுகிறது. விரிப்பின் ஓரம் தரையில் படியாமல் சுருண்டு நிற்பதைக் காட்டிய நிழலும் இல்லை. வாங்குபவர் தெரிந்துகொள்ள விரும்பியது இந்த மூன்றையும்தான்.

செல்போன் கேமரா விமர்சனத்தில் நிலைமை இன்னும் மோசம். போர்ட்ரெய்ட் முறையில் பின்னணி எவ்வளவு அழகாக மங்கலாகிறது என்பதே அந்த போனின் திறன். எடுத்த பிறகு எடிட்டிங் ஆப்பில் இன்னும் கொஞ்சம் மங்கலாக்கினால், போனுக்குப் பதிலாக அந்த ஆப்புக்குத்தான் விமர்சகர் மதிப்பெண் போடுகிறார். எமர்ஜென்சி லைட் விமர்சனத்தில் பின்னணியை இருட்டாக்குவதும் இப்படியே. இருட்டாக்க இருட்டாக்க, விளக்கின் வெளிச்சம் கூடியது போலத் தெரியும்.

அப்படியானால் விமர்சனப் படத்தில் எதையுமே தொடக்கூடாதா? கூரியர் உறையில் உங்கள் முகவரி தெரிகிறது, பின்னால் குழந்தை நிற்கிறது என்றால் மறைக்கத்தான் வேண்டும். அதை எல்லோருக்கும் தெரியும்படி மறையுங்கள். கட்டம் கட்டமாக மங்கலாக்கினாலோ கறுப்புப் பட்டை போட்டாலோ, இங்கே ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது என்று படமே சொல்லிவிடும். அழித்து நிரப்பினால் அது தெரியாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தைச் செய்திப்படத்தில் மறைக்கும்போதும் பத்திரிகைகள் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

போட்டியில் பார்ப்பவரோடு நடுவரும் சக போட்டியாளர்களும் இருக்கிறார்கள். விதி போட்டிக்குப் போட்டி, பிரிவுக்குப் பிரிவு மாறும். 2012-இல் பிரிட்டனின் ஆண்டின் சிறந்த நிலக்காட்சிப் புகைப்படக்காரர் என்ற பட்டத்தை வென்றவர், படத்தில் மேகங்களைச் சேர்த்திருந்தது தெரியவந்ததும் பட்டத்தை இழந்தார். கற்பனைக்கு இடம் தரும் பிரிவில் இதே வானம் ஒரு குறையாக இருந்திருக்காது. சர்வதேச அமைப்புகளான எஃப்ஐஏபி, பிஎஸ்ஏ ஆகியவற்றின் ஆதரவில் நடக்கும் போட்டிகளில் இயற்கைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே படத்தை வெட்டலாம், சாய்வை நேராக்கலாம். பறவைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை அழிக்க அனுமதியில்லை. எனவே விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் அனுப்புவதற்கு முன்பே அமைப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். ரா ஃபைலை முடிவு வரும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி, எப்படிச் சொல்வது? 'எடிட் செய்யப்பட்டது' என்று மட்டும் போட்டால் பயனில்லை. வெளிச்சம் கூட்டியவரும் அதையே எழுதலாம், ஆளையே அழித்தவரும் அதையே எழுதலாம். என்ன செய்தோம், அசலில் என்ன இருந்தது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். அந்தத் தரைவிரிப்புக்கு இப்படி எழுதலாம்: 'பின்னணி மாற்றப்பட்டுள்ளது. கூடம் என் வீடு அல்ல. விரிப்பின் உண்மையான அளவு 3 அடிக்கு 5 அடி. மாற்றாத படம் அடுத்து உள்ளது.' மாற்றாத படத்தையும் சேர்த்துப் போடுவதுதான் இதில் மிகவும் பயனுள்ள பகுதி. போட்டிக்கு அனுப்பும் குறிப்பில், 'வானம் வேறொரு நாளில் நானே எடுத்தது; இரண்டு படங்களின் சேர்க்கை' என்று எழுதினால் போதும்.

எங்கே சொல்வது என்பதும் முக்கியம். படத்துக்குள் மறைந்திருக்கும் மெட்டாடேட்டாவில் இதைப் பதிய ஒரு வழி இருக்கிறது. Digital Source Type என்ற இடத்தில், படம் கேமராவில் எடுத்ததா, பல படங்களின் சேர்க்கையா என்று குறிக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ அந்தத் தகவல் தொலைந்துவிடும். கீழே எழுதிய வரியும் அப்படித்தான்; பகிர்பவர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். ஆகவே குறிப்பைப் படத்தின் மேலேயே, செல்போன் திரையில் படிக்கும் அளவுக்கு, வாசகரின் மொழியில் எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சொல்லிவிட்டதால் எல்லாம் சரியாகிவிடாது. பின்னணியை மாற்றிய செய்திப்படம், கீழே குறிப்புப் போட்டாலும் செய்திப்படமாக இருக்க முடியாது. அதைச் 'சித்தரிப்புப் படம்' என்று பெரிதாக எழுதி வேறு இடத்தில் போடலாம், அல்லது போடாமல் விடலாம். விமர்சனத்தில் பின்னணி மாற்றமே பொருளின் குணத்தை மாற்றிக் காட்டினால், குறிப்பு எழுதுவதைவிட அந்தப் படத்தை எடுத்துவிடுவதே நேர்மை.

அடுத்த முறை செல்போனில் எதையாவது அழிக்க விரல் போகும்போது, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த மாற்றத்தைப் பார்ப்பவரிடம் சொன்னால், படத்தின் மேல் அவருக்குள்ள நம்பிக்கை குறையுமா? குறையாது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். குறையும் என்றால் படத்தின் மேலேயே எழுதுங்கள், இல்லையென்றால் அந்தக் கொடியோடும் குச்சியோடும் படத்தை அப்படியே வெளியிடுங்கள்.