பழைய புத்தகம் கேட்டு ஒரு கடிதம்

“அபிதான சிந்தாமணி வேண்டும். விலை என்ன? எத்தனை நாளில் கிடைக்கும்?”

பழைய புத்தகக் கடைக்காரருக்கு இப்படி மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தால், அவரால் நேரான பதில் எழுத முடியாது. கேட்டவர் எதைக் கேட்கிறார் என்பதே அவருக்கு விளங்காது. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த அந்தக் கலைக்களஞ்சியம், பாண்டித்துரைத் தேவரின் ஆதரவோடு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910இல் முதலில் வெளிவந்தது. ஆசிரியர் 1931இல் மறைந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த புதிய செய்திகளோடு, முந்தையதைவிடப் பெரிதாக, 1934இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பிற்காலத்தில் டெல்லியின் ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் அதை மறுஅச்சாகக் கொண்டுவந்தது. ஒரே தலைப்பில் இத்தனை புத்தகங்கள். மறுஅச்சு என்றால் ஒரு வாரத்தில் வரவழைத்துவிடலாம். 1934ஆம் ஆண்டுப் பிரதி என்றால் சில மாதங்கள் தேட வேண்டியிருக்கும். 1910ஆம் ஆண்டுப் பிரதி யாராவது ஒரு புலவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கினால்தான் உண்டு.

விலையும் காத்திருக்கும் காலமும் பதிப்பைப் பொறுத்தவை. ஆகவே கடிதத்தில் முதலில் வரவேண்டியது ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு. இவை எங்கே கிடைக்கும் என்று திகைக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய நூல்கள் படமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. தலைப்புப் பக்கத்தை அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரிக்கலாம். அப்படித் தேடும்போதே, படித்தால் போதும் என்பவருக்கு வேலை முடிந்துவிடவும் கூடும். கடைக்காரருக்கு எழுத வேண்டியது, புத்தகமே கையில் வேண்டும் என்பவர்தான்.

அடுத்து, என்ன காரியத்துக்கு என்று ஒரு வரி. வகுப்புக்குப் பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கு அட்டை கிழிந்த பிரதியும் போதும், பக்கம் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான். முதற்பதிப்புகளைச் சேர்ப்பவருக்கோ மூல அட்டையும் தலைப்புப் பக்கமும் இருந்தே ஆக வேண்டும். இருவருக்கும் வெவ்வேறு பிரதி, வெவ்வேறு விலை.

மூன்றாவது, விலைக்கு ஓர் உச்சவரம்பு. இதைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். இவ்வளவு தருவேன் என்று முன்கூட்டியே சொன்னால் கடைக்காரர் அந்தத் தொகையையே விலையாக வைத்துவிடுவார் என்ற பயம். அப்படிச் செய்பவர்களும் இருக்கலாம். ஆனால் வரம்பு சொல்வதால் வரும் லாபம் பெரிது. நியூயார்க்கில் வாழ்ந்த எழுத்தாளர் ஹெலீன் ஹான்ஃப், 1949 அக்டோபர் 5ஆம் தேதி லண்டன் சேரிங் கிராஸ் சாலையில் இருந்த மார்க்ஸ் அண்ட் கோ கடைக்கு எழுதிய முதல் கடிதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேவையான நூல்களின் பட்டியலை இணைத்தார். சுத்தமான பழைய பிரதிகளாக, ஒவ்வொன்றும் 5 டாலருக்கு மேற்படாமல் இருந்தால், இந்தக் கடிதத்தையே ஆர்டராக எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள் என்று எழுதினார். கடல் கடந்து விலை கேட்டு, பதில் வந்து, சம்மதம் எழுதி, அதற்குப் பிறகு புத்தகம் புறப்படும் நீண்ட சுற்று அந்த ஒரு வரியால் குறைந்தது. அதே மாதம் 25ஆம் தேதியிட்ட பதிலில், பட்டியலில் கிடைத்தவற்றை அனுப்புவதாகக் கடை தெரிவித்தது. அந்தக் கடிதத் தொடர்பு இருபது ஆண்டு நீண்டு, 1970இல் ஒரு நூலாகவே வெளிவந்தது.

இதையெல்லாம் சேர்த்தால் கடிதம் இப்படி அமையும். மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருக்கும் தமிழாசிரியர் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“ஐயா, வணக்கம். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, 1934ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு ஒரு பிரதி தேடுகிறேன். மறுஅச்சு என்னிடம் இருப்பதால் அது வேண்டாம். பக்கங்கள் முழுமையாக இருக்க வேண்டும். அட்டை மாற்றி பைண்டிங் செய்திருந்தாலும் பரவாயில்லை. தபால் செலவு உட்பட 4,000 ரூபாய் வரை தர முடியும். அதற்கு மேல் போனால் வாங்குமுன் தெரிவியுங்கள். மூன்று மாதம் காத்திருக்கிறேன். முன்பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும், புத்தகம் கிடைக்காவிட்டால் அது திரும்பி வருமா என்பதையும் எழுதுங்கள்.”

கடைக்காரர் இதை வைத்து உடனே வேலையில் இறங்கலாம். முதலில் தன் கிடங்கு, பிறகு தெரிந்த பழைய புத்தக வியாபாரிகள், அதற்குப் பிறகு நூலகத்தை விற்க நினைக்கும் குடும்பங்கள் என்று விசாரிப்பார். வேறொரு வியாபாரி 2,800 ரூபாய் சொன்னால், தன் உழைப்புக்கு ஒரு தொகையும் தபாலுக்கு ஒரு தொகையும் சேர்த்து விலை சொல்வார். அச்சில் இருக்கும் நூல் என்றால் பதிப்பகம் தரும் கழிவிலேயே அவருக்கு லாபம் கிடைத்துவிடும். வாசகர் அச்சிட்ட விலையைக் கொடுத்தால் போதும். தேடிப் பிடிக்கும் நூலுக்கு அந்த வசதி கிடையாது. புத்தகத்தில் 12 ரூபாய் என்று அச்சாகியிருக்க, 3,000 கேட்கிறாரே என்று கோபப்படுவது நியாயமாகாது.

காத்திருக்கும் காலத்தைப் பற்றி நேர்மையான கடைக்காரர் தேதி சொல்ல மாட்டார். “இத்தனை மாதம் தேடிப் பார்க்கிறேன்” என்றுதான் சொல்வார். பழைய பிரதியை ஒரு வாரத்தில் கட்டாயம் தருகிறேன் என்று ஒருவர் எழுதினால், அவர் கையில் ஏற்கெனவே பிரதி இருக்க வேண்டும், அல்லது மறுஅச்சை மனதில் வைத்திருக்க வேண்டும். பணம் அனுப்புமுன் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

ஏனென்றால் இந்த வியாபாரத்தில் அதிகம் நடக்கும் தவறு, மறுஅச்சைப் பழைய பதிப்பென்று நினைப்பது. பழைய பக்கங்களைப் படம்பிடித்து அச்சிடும்போது பழைய தலைப்புப் பக்கமும் பழைய ஆண்டோடு அப்படியே வந்துவிடும். விற்பவரே ஏமாந்திருக்கலாம். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் ஓரளவு தெரியும்: ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்ட பழைய தாளில் எழுத்து அழுந்திய மேடு பல இடங்களில் விரலுக்குத் தட்டுப்படும், ஆஃப்செட் அச்சில் வழவழவென்று இருக்கும். எழுத்து வடிவமும் ஒரு சாட்சி. ணை, லை, னா, றா போன்றவை இன்றைய வடிவில் இருந்தால், பொதுவாக 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகு கோத்தது என்று கொள்ளலாம். பெரியாரின் இதழ்களும் வெளியீடுகளும் இதற்கு விலக்கு. அவர் 1935லேயே அந்த வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டார்.

பார்சல் வந்த அன்றே பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட வேண்டும். பெரிய நூல்களை மறுபடி பைண்டிங் செய்யும்போது ஒரு பாரம் விட்டுப்போவதும், இடம் மாறிப்போவதும் உண்டு. 16 பக்கம் மொத்தமாகக் காணாமல் போயிருக்கும். குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், அந்தத் தபால் செலவு யாருடையது என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தால் இந்த இடத்தில் வாக்குவாதம் வராது. மூன்று மாதம் கழிந்தும் தகவல் இல்லையென்றால், பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் போடலாம். தேடலைத் தொடரலாமா, முன்பணத்தைத் திரும்பப் பெறுவதா, அல்லது 1934ஐ விட்டு வேறு பிரதிக்கு ஒத்துக்கொள்வதா என்பதை அதில் தெளிவாக எழுதிவிட வேண்டும்.