இடம் மாறினால் கேள்வியும் மாறும்

‘அலி தூன் அங்காராயா கித்தி’ என்றால் துருக்கியில், ‘அலி நேற்று அங்காராவுக்குப் போனான்’. கடைசியில் ‘மி’ சேர்த்தால், ‘போனானா?’ என்ற கேள்வி.

இந்த ‘மி’ எந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறதோ, அதன்மேல்தான் ஐயம். ‘அலி மி’ என்றால் போனது அலியா, வேறொருவரா என்று கேட்கிறார்கள், பயணத்தில் சந்தேகமில்லை. ‘தூன்’ என்பதற்குப் பின் வந்தால் ‘நேற்றா?’, ‘அங்காராயா’வுக்குப் பின் வந்தால் ‘அங்காராவுக்கா?’. நம் ‘ஆ’ விகுதியும் அச்சாக இப்படித்தான் நகர்கிறது என்பதால், தமிழர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

நமக்குப் புதியது ஒலி மாற்றம். முந்தைய சொல்லின் கடைசி உயிரொலிக்கு இசைந்து ‘மி’ நான்கு வடிவம் எடுக்கும். எ, இ ஒலிகளுக்குப் பின் அது ‘மி’யாகவே இருக்கும். ‘தூன்’ என்பதில் உள்ளது, இதழைக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்லும்போது எழும் ஒலி. அதனால் அங்கே ‘மி’யையும் இதழ் குவித்தே சொல்ல வேண்டும். ‘அங்காராயா’வுக்குப் பின், ‘நாடு’ என்பதன் இறுதியில் கேட்கும் குற்றியலுகரம் போல, இதழ் குவியாத ‘மு’. ‘பு’ என்றால் ‘இது’, ‘இதுவா?’ என்பதற்கு இதழ் குவிந்த ‘மு’ சேர்த்து ‘பு மு?’ என்பார்கள்.

பேச்சில் ஒட்டி ஒலித்தாலும், எழுத்தில் ‘மி’ தனிச்சொல்லாகவே நிற்க வேண்டும். சேர்த்து எழுதுவது துருக்கியர்களே அடிக்கடி செய்யும் பிழை.