தமிழ்ச் சொற்பலகை: புள்ளியும் கொம்பும் எங்கே உட்காரும்?

சொற்பலகை வடிவமைப்புப் போட்டிக்கு இம்மாத இறுதி கடைசி நாள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றுதான்: எத்தனை காய்? பாடநூல் சொல்லும் 247 இங்கே உதவாது. ஙௌ, ஞூ போன்றவை எந்தச் சொல்லிலும் வருவதில்லை. காய்களை எண்ணுவதற்கு முன், உயிர்க்குறி எங்கே உட்காரும் என்று முடிவு செய்தாக வேண்டும்.

குறிக்குத் தனிக் கட்டம் கொடுத்தால் 'கொடி' ஐந்து கட்டம் பிடிக்கும்: கொம்பு, க, துணைக்கால், ட, மேல்விலங்கு. மேலிருந்து கீழாக எழுதினால் கொம்பு க-வின் தலைமேல் நிற்கும். அதை யாராலும் படிக்க முடியாது. எனவே குறிகளை ஒளி ஊடுருவும் மெல்லிய தகடுகளில் அச்சிட்டு அகர உயிர்மெய்யின்மேல் வைப்பதே சரி. எழுத்துக்கு இருபுறமும் இடம் விட்டு அச்சிடுங்கள்.

இதில்தான் ஆங்கிலச் சொற்பலகையில் இல்லாத அழகு ஒன்று பிறக்கிறது. குறுக்கே 'படம்', அதே ப-விலிருந்து கீழே 'பல்' இருக்கின்றன. அடுத்தவர் ப-வின்மேல் ஒரு துணைக்கால் வைக்கிறார். குறுக்கே 'பாடம்', கீழே 'பால்'. ஒரே தகட்டில் இரண்டு புதுச் சொற்கள். கீழே 'பழம்' இருந்திருந்தால் 'பாழம்' என்றாகும். அப்படியொரு சொல் இல்லாததால் அந்த நகர்வு செல்லாது. புள்ளியை எடுத்துவிட்டு உயிர்க்குறி வைக்கவும் அனுமதியுங்கள். இல்லாவிட்டால் 'பல்' ஒருபோதும் 'பலா' ஆகாது. ஆனால் ஏற்கெனவே உள்ள உயிர்க்குறியை மாற்ற விடாதீர்கள். விட்டால் பலகையில் எந்தச் சொல்லும் நிலைக்காது.

சிக்கல் உகரத்தில். கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒரே தகடு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1978-இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, லை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. ஆகவே இவற்றை முழுக் காயாகவே அச்சிட வேண்டும். 36-ம் தேவையில்லை. குற்றியலுகரமாகச் சொல்லை முடிக்கும் கு, சு, டு, து, பு, று ஆறையும் கூடுதலாகச் செய்யுங்கள். மற்றவற்றில் பூ, மு, நூ போல் அடிக்கடி வருபவை ஒவ்வொன்று போதும்.

எண்ணிக்கையை எப்படிப் பிடிப்பது? செய்தித்தாளின் சில பக்கங்களைக் கையால் எண்ணுங்கள். கணினி 'கு' என்பதை இரண்டாக எண்ணும், உகரக்குறி தனி என்பதால்.

வினைத்திரிபுகள் செல்லுமா? செல்லும் என்றால் து, ன் கூடும். எண்ணும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ங? புள்ளியோடு அச்சிட்ட ங் போதும்.

கிரந்தம்? ஜ, ஷ, ஸ, ஹ தலா ஒன்று.

ஆய்தம்? ஒன்று.

வெறும் காய்? இரண்டு.

காய்ப் பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். இருவர் ஆடி முடித்த பலகையின் படத்தையும், கடைசியில் கையில் தேங்கிய காய்கள் எவை என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.