இலக்கைத் தொடாமல் வலம்வரும் ஏவுகணை

கணினி விளையாட்டு எழுதிப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒருமுறையாவது இந்தக் காட்சியைத் திரையில் பார்த்திருப்பார்கள். இலக்கைத் தானே தேடிப் போகும் ஏவுகணை ஒன்றை உருவாக்குகிறார்கள். அது பாய்ந்து போகிறது. எதிரி கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகுகிறான். ஏவுகணை வளைகிறது, இன்னும் வளைகிறது, அதற்குப் பிறகு எதிரியைச் சுற்றி வட்டமிடத் தொடங்கிவிடுகிறது. எதிரி அசையாமல் நின்றாலும் அது மோதுவதில்லை. தடுத்து நிறுத்தாவிட்டால் விடிய விடியச் சுற்றும்.

பார்க்கிறவர் உடனே சொல்வது, "இது அளவுக்கு மேல் திரும்புகிறது, முன்னே போகிற வேகம் போதவில்லை" என்பதுதான். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. திரும்புவதைத் தவிர அது வேறு எதையும் செய்வதில்லையே. ஆனால் அந்த எண்ணத்தோடு முன்செல்லும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். வட்டம் பெரிதாகுமே தவிர உடையாது. திரும்பும் வேகத்தைக் குறைத்தாலும் அதே கதைதான். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் பழுதாகியிருப்பது உண்மை. ஆனால் பழுது பெரும்பாலும் நாம் நினைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

ஏவுகணை வினாடிக்கு 300 பிக்சல் வேகத்தில் போகிறது, வினாடிக்கு 180 டிகிரி வரை திரும்ப முடியும் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் திரும்பிக்கொண்டே போனால் அது வரையும் வட்டத்தின் ஆரம் R = v / ω. இங்கே v முன்செல்லும் வேகம். ω திரும்பும் வேகம், ரேடியனில். 180 டிகிரி என்பது 3.14 ரேடியன். ஆகவே 300-ஐ 3.14-ஆல் வகுத்தால் சுமார் 95.5 பிக்சல். இதைவிடச் சிறிய வட்டத்தில் அந்த ஏவுகணையால் வளையவே முடியாது.

ஏவுகணைக்கு நேர் இடப்பக்கம், 60 பிக்சல் தொலைவில் இலக்கு நிற்கிறது. ஏவுகணை இடப்பக்கம் திரும்பத் தொடங்குகிறது. அது வரையப்போகும் வட்டத்தின் மையம் இடப்பக்கம் 95.5 பிக்சல் தள்ளி இருக்கிறது. அந்த மையத்திலிருந்து இலக்கு வெறும் 35.5 பிக்சல் தொலைவில்தான் இருக்கிறது. அதாவது இலக்கு வட்டத்துக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. வட்டத்தின் எந்த இடத்தில் இருந்து பார்த்தாலும் உள்ளே இருக்கும் புள்ளி இடப்பக்கத்திலேயே தெரியும். இடப்பக்கத்தில் தெரியும்வரை ஏவுகணை இடப்பக்கமே திரும்பும். அப்படித் திரும்பும்வரை அது அதே வட்டத்திலேயே இருக்கும். அதன் மூக்கு ஒருநாளும் இலக்கை நேராகப் பார்க்காது. இலக்குக்கும் அதற்கும் உள்ள தூரம் 60 பிக்சலுக்கும் 131 பிக்சலுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மோதியதாகக் கணக்கு வைக்கும் எல்லை 16 பிக்சல் என்றால், 60 என்பது கிட்டவே வராத தூரம்.

இலக்கு வட்டத்துக்கு வெளியே இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. சுற்றில் ஏதோ ஓர் இடத்தில் மூக்கு இலக்குக்கு நேராகிவிடும், பிறகு நேர்கோடுதான். தொலைவிலிருந்து ஏவினால் ஒழுங்காகத் தாக்கும் ஏவுகணை, பக்கத்தில் ஏவினாலோ எதிரி விலகினாலோ வட்டமிடுவதற்குக் காரணம் இதுதான். மோதல் எல்லை R-ஐவிடப் பெரியதாக இருந்தால் வட்டம் என்ற பேச்சே எழாது. 16 பிக்சல் எல்லைக்குள் ஆரத்தைக் கொண்டுவர வேண்டுமானால் திரும்பும் வேகத்தை வினாடிக்கு ஏறத்தாழ 1,074 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். வினாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் விளையாட்டில் அது ஃப்ரேமுக்குக் கிட்டத்தட்ட 18 டிகிரி. ஏவுகணை வளைந்து வருவதில் உள்ள அழகெல்லாம் போய், வெட்டி வெட்டித் திரும்பும் பூச்சியாகிவிடும்.

"அதிகம் திரும்புகிறது" என்ற குற்றச்சாட்டு பொருந்துகிற ஒரு வகையும் உண்டு. சிலர் ஏவுகணையின் மூக்கைத் திருப்புவதில்லை. இலக்கை நோக்கி ஓர் இழுப்பு விசையை மட்டும் கொடுக்கிறார்கள். அப்போது நடப்பது சூரியனைக் கோள் சுற்றும் அதே கணக்கு. இலக்கை நோக்கி மட்டுமே இழுக்கும் விசையால் பக்கவாட்டு ஓட்டத்தைக் கரைக்க முடியாது. இன்னும் சொன்னால், தூரம் பாதியாகும்போது பக்கவாட்டு வேகம் இரட்டிப்பாகிறது. 300 பிக்சல் பக்கவாட்டு வேகமும் 900 அளவு முடுக்கமும் இருந்தால், 100 பிக்சல் தொலைவில் அது கச்சிதமான வட்டத்தில் நிலைத்துவிடும். மற்ற தொலைவுகளில் பூவிதழ் போன்ற பாதையில் வந்து வந்து போகும். இங்கே சுற்றும் வேகம்தான் உண்மையில் மிகுதி. ஏவுகணையின் வேகத்தை இலக்கை நோக்கிய பகுதி, பக்கவாட்டுப் பகுதி என்று இரண்டாகப் பிரித்து, பக்கவாட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்தால் சுருண்டு உள்ளே விழுந்துவிடும்.

மூக்கைத் திருப்பும் வகைக்கு வருவோம். விளையாட்டுகளில் வழக்கமாகக் கையாளும் ஒரு வழி, நேரம் போகப்போகத் திரும்பும் வேகத்தை ஏற்றுவது. ஒவ்வொரு வினாடிக்கும் 180 டிகிரி கூட்டிக்கொண்டே போனால் மேலே சொன்ன ஏவுகணை ஐந்து வினாடிக்குள் தேவையான 1,074-ஐத் தொட்டுவிடும். ஆட்டக்காரரின் கண்ணுக்கு அது சுருள் சுருளாக நெருங்கி வந்து தாக்குவது போலத் தெரியும். இலக்கு பக்கவாட்டில் இருக்கும்போது வேகத்தைக் குறைப்பது இன்னொரு வழி. 300-ஐ 45-ஆக இறக்கினால் ஆரம் 14 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். ஆனால் பாய வேண்டிய ஏவுகணை தவழும். எனக்கு அது பிடிப்பதில்லை.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. இலக்கு வட்டத்துக்குள் மாட்டியிருக்கும்வரை அதை நோக்கித் திரும்புவதையே நிறுத்திவிடுவது.

```
R = speed / turn_rate
side = 1 if cross(forward, to_target) > 0 else -1
center = pos + left * side * R
if distance(center, target) > R * 1.05:
    turn_toward(target, turn_rate * dt)
pos = pos + forward * speed * dt
```

`center` என்பது ஏவுகணை இப்போது திரும்பினால் வரையும் வட்டத்தின் மையம். இலக்கு அதற்குள் இருந்தால் ஏவுகணை நேராகவே போகும். போகப்போக வட்டமும் கூடவே நகர்ந்து, இலக்கு அதிலிருந்து வெளியே வந்துவிடும். அப்போதுதான் திரும்பத் தொடங்கும். 1.05 என்பது கணக்குப் பிசிறுக்காக விட்ட சிறு இடைவெளி. மேலே பார்த்த 60 பிக்சல் உதாரணத்தில் ஏவுகணை சுமார் 94 பிக்சல் நேராகப் போகிறது, அதற்கு 0.31 வினாடி. பிறகு ஏறத்தாழ 273 டிகிரி திரும்புகிறது, 1.52 வினாடி. கடைசி 31 பிக்சலை நேர்கோட்டில் கடக்க 0.1 வினாடி. மொத்தம் இரண்டு வினாடிக்குள் மோதிவிடுகிறது. வேகத்தையும் மாற்றவில்லை, திரும்பும் திறனையும் மாற்றவில்லை. குறிப்பிட்ட ஆரத்துக்குக் கீழே வளைய முடியாத வண்டிக்கு மிகக் குறுகிய பாதை எது என்பதை லெஸ்டர் டூபின்ஸ் 1957-இல் கணிதமாக ஆராய்ந்தார். அந்த வழியில் வந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: வட்டத்துக்குள் மாட்டிய புள்ளியை மிக விரைவாக அடைய, முதலில் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டுப் பிறகு அதன் பக்கம் வளைய வேண்டும்.

நிஜ ஏவுகணைக்கும் இந்த வட்டம் உண்டு, அதுவும் பிரம்மாண்டமாக. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகும் ஒன்று, புவியீர்ப்பைப் போல 30 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்தைத் தாங்கும் என்று வைத்தால், அதன் திரும்பு வட்டத்தின் ஆரம் 2 கிலோமீட்டரைத் தாண்டும். போர் விமானிகள் கடைசி நேரத்தில் கூர்மையாக வளைந்து தப்பிக்கப் பார்ப்பது இதை நம்பித்தான். ஆனாலும் நிஜ ஏவுகணை விடியும்வரை சுற்றாது. அதன் மோட்டார் சில வினாடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். தொடாமலே, அருகில் வந்ததும் வெடிக்கும் தூண்டி அதில் இருப்பதால் மோதல் எல்லையும் பெரியது. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் தளத்தில் வில்லியம் மெக்லீன் குழு உருவாக்கி, 1953-இல் முதன்முதலாக இலக்கு விமானத்தைத் தாக்கிய சைட்வைண்டர், மூக்கை இலக்கின் மேலேயே வைத்துத் துரத்துவதில்லை. இலக்கை நோக்கிய பார்வைக்கோடு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அளந்து, அந்தச் சுழற்சிக்கேற்பத் திரும்புகிறது. இலக்கு போய்ச் சேரப்போகும் இடத்தை நோக்கி அது முன்கூட்டியே வளைந்துவிடுவதால், கடைசி நொடியில் கூர்மையாகத் திரும்ப வேண்டிய தேவை குறைகிறது. விளையாட்டு எழுதுகிறவர்களும் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்த பிறகும் சிலருக்கு ஒரு புதிர் மிச்சமிருக்கும். தம் கணினியில் ஒழுங்காகத் தாக்கும் ஏவுகணை நண்பரின் பழைய மடிக்கணினியில் வட்டமிடுகிறது. முன்செல்லும் வேகத்தை `dt`-ஆல் பெருக்கிவிட்டு, திரும்புவதை மட்டும் "ஃப்ரேமுக்கு 3 டிகிரி" என்று எழுதியிருப்பார்கள். 60 ஃப்ரேமில் அது வினாடிக்கு 180 டிகிரி, ஆரம் 95.5. 144 ஃப்ரேம் ஓடும் திரையில் 432 டிகிரி, ஆரம் சுமார் 40. 30 ஃப்ரேமுக்கு இறங்கிய மடிக்கணினியில் 90 டிகிரிதான். ஆரம் 191 பிக்சலாக விரிந்துவிடுகிறது. ஒரே நிரல், மூன்று வெவ்வேறு ஏவுகணைகள்.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரே ஓர் எண்ணைத் திரையில் அச்சிட்டால் போதும்: மூக்கின் திசைக்கும் இலக்கின் திசைக்கும் இடையிலுள்ள கோணம். அது 90 டிகிரியை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தால் இலக்கு வட்டத்துக்குள் இருக்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் அது 68-க்கும் 112-க்கும் இடையே ஆடும். பூஜ்யத்துக்கு அருகில் இருந்து ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடமும் வலமுமாக மாறினால், ஒவ்வொரு அடியிலும் தேவைக்கு மேல் திரும்புகிறது. மீதமுள்ள கோணத்தைவிட அதிகம் திரும்பாமல் தடுத்தால் சரியாகும். பூஜ்யத்தில் இருந்தது சட்டென்று 180-க்குத் தாவினால், ஏவுகணை ஒரே ஃப்ரேமில் இலக்கைத் தாண்டிக் குதித்துவிட்டது. அங்கே திருத்த வேண்டியது திரும்பும் கணக்கை அல்ல, மோதலைச் சரிபார்க்கும் கணக்கை.